மூன்று இலட்சம் என்று யார் எண்ணினார்கள்?

லண்டனில் தகவல் வரைகலை செய்து பிழைக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். இன்போகிராஃபிக் என்றும் சார்ட் என்றும் வாடிக்கையாளர் கேட்கும் இந்த வேலையில் வண்ணமும் எழுத்துருவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது எண்ணைச் சரிபார்க்கும் வேலையும் அதற்கு விலை போடும் முறையும்தான். 2023 மே மாதம் நான் எடுத்த ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்கிறேன். நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

1. படம் எதற்கு என்று கேளுங்கள். பதில் ஒரே வாக்கியத்தில் வரும்வரை கேளுங்கள்.

ஈஸ்ட் ஹாமில் இடியப்ப மாவும் மிளகாய்த்தூளும் இறக்குமதி செய்யும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அக்கா, லண்டனில மூண்டு இலட்சம் தமிழர் இருக்கினம் எண்டு பெரிசா ஒரு படம் வேணும். வெப்சைட்டிலயும் போடவேணும், ஆக்களுக்கும் அனுப்பவேணும்" என்றார். யாருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் கொள்முதல் அதிகாரிக்கு என்றார். அந்த அதிகாரி படத்தைப் பார்த்து என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்தெந்தக் கிளைகளில் இந்த மாவை வைத்தால் விற்கும் என்று முடிவு எடுக்க வேண்டும் என்றார்.

அந்தப் பதிலோடு வேலையே வேறாகிவிட்டது. மொத்தம் எத்தனை பேர் என்பது அவருடைய பெருமைக்கான எண். அதிகாரிக்கு வேண்டியது எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்பது. ஒரு தாளின் தலைப்பில் அந்தக் கேள்வியை எழுதி வைத்தேன்: "லண்டனின் எந்தப் பரோக்களில் தமிழ் பேசும் வீடுகள் அதிகம்?" பிறகு அவர் இதையும் சேருங்கள், அதையும் சேருங்கள் என்று சொன்னபோதெல்லாம் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

2. ஒவ்வோர் எண்ணும் எங்கே பிறந்தது என்று அதன் வீடுவரை போய்ப் பாருங்கள்.

மூன்று இலட்சத்துக்கு ஆதாரமாகத் தம்பி நான்கு சுட்டிகளை அனுப்பியிருந்தார். முதலாவது ஒரு வலைப்பூ. அது ஒரு செய்தித்தளத்தைச் சுட்டியது. செய்தித்தளத்தில் "கணிக்கப்படுகிறது" என்று மட்டும் இருந்தது, கணித்தவர் யார் என்று இல்லை. மூன்றாவது ஒரு சங்கத்தின் மலர். நான்காவது சுட்டி அந்த மலரை மேற்கோள் காட்டியது. அந்த மலரோ முதல் வலைப்பூவைப் பார்த்து எழுதியது. நான்கு சுட்டிகளும் சேர்ந்து ஒரே ஆதாரத்துக்குக்கூடப் போதவில்லை, ஏனென்றால் அவற்றை எழுதிய ஒருவரும் வீடுவீடாகப் போய் எண்ணவில்லை. இப்படிச் சுற்றி வருவதை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். ஒரு சொற்றொடர் எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் வந்தால் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை என்று சந்தேகப்படுங்கள்.

உண்மையில் எண்ணியவர்கள் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021 மார்ச் 21ஆம் திகதியை வைத்து நடந்தது. மொழி பற்றிய முடிவுகள் 2022 நவம்பர் 29 அன்று வெளிவந்தன. அவற்றை நோமிஸ் என்ற தளத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். டர்ஹம் பல்கலைக்கழகம் அந்த அலுவலகத்துக்காக நடத்தும் தளம் அது. விரிவான முதன்மை மொழி அட்டவணையின் எண் TS024. 2011 கணக்கெடுப்பில் அதற்கு ஈடான அட்டவணை QS204EW. இந்த இரண்டு எண்களையும் தேடற்பெட்டியில் அடித்தால் நேராக அட்டவணைக்குப் போய்விடலாம்.

அங்கே தமிழுக்கு நேரே இருப்பது 2011இல் சுமார் 1,01,000 பேர், 2021இல் சுமார் 1,25,000 பேர். லண்டனுக்கு மட்டுமல்ல, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "அக்கா, உது பிழை. ஈஸ்ட் ஹாமில மட்டுமே எவ்வளவு சனம் இருக்குது!" என்றார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஓர் எண்ணைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியாது. அந்த எண் யாரை எண்ணியது, யாரை விட்டது என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்புப் படிவத்தின் இனக்குழுக் கேள்வியில் ஆசியப் பிரிவின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், சீனர் என்று பெட்டிகள் இருந்தன. தமிழர் என்று பெட்டி இல்லை. பிறந்த நாட்டைப் பார்க்கலாமா என்றால் இலங்கையில் பிறந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், இந்தியாவில் பிறந்தவர்களில் எல்லாரும் இருக்கிறார்கள். அதே கணக்கில் பிரான்சிலோ சுவிட்சர்லாந்திலோ பிறந்து இங்கே குடிவந்த தமிழ்ப் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள். மிஞ்சுவது மொழிதான். அந்தக் கேள்வி "உங்கள் முதன்மை மொழி எது?" என்று மட்டும் கேட்டது. ஒரு மொழியைத்தான் சொல்ல முடியும். அட்டவணையோ மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எண்ணுகிறது.

தம்பிக்கு என் வீட்டையே உதாரணமாகக் காட்டினேன். நானும் கணவரும் தமிழ் என்று எழுதினோம். மகன் ஆங்கிலம் என்று குறித்தான், ஆனால் எங்களோடு தமிழில்தான் கதைப்பான். பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டில் நான்கு தமிழர். TS024 அட்டவணையில் இரண்டு பேர்.

ஆகவே 1,25,000 என்பது தமிழரின் தொகை அல்ல. தமிழை முதன்மை மொழி என்று சொன்னவர்களின் தொகை. படத்தின் தலைப்பிலேயே அப்படித்தான் எழுத வேண்டும். "இங்கிலாந்து, வேல்ஸ்: தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள், 2021" என்று எழுதினேன். நீளமான தலைப்புத்தான், ஆனாலும் இதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. இன்னொன்றும் சொன்னேன்: இடியப்ப மாவுக்கு இந்த எண் மோசமான அளவுகோல் அல்ல. தமிழை முதன்மை மொழியாக எழுதிய வீட்டில் அந்த மாவு தேவைப்பட வாய்ப்பு அதிகம். அவர் கேள்விக்கு மூன்று இலட்சத்தைவிட இதுவே நெருக்கமான விடை.

3. எண்ணுக்கு ஒரு பதிவுத்தாள் வையுங்கள். எக்செல் கோப்பில் எண்ணுக்கு ஒரு வரி: எண், அட்டவணையின் பெயர், எந்த நிலப்பகுதி, யார் எண்ணப்பட்டவர், எந்த நாளில் இறக்கினேன். இறக்கிய கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது.

4. உங்களிடம் உள்ள தரவு அனுமதிக்கும் வடிவத்தை மட்டும் வரையுங்கள்.

இதை நான் வில்லியம் பிளேஃபேரிடம் கற்றேன் என்றே சொல்லலாம். 1786இல் இதே லண்டனில் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் நூலில்தான் பொருளாதார எண்கள் கோடுகளாக வரையப்பட்டு வந்தன. நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியை ஆண்டுவாரியாகக் கோட்டில் காட்டியவருக்கு ஸ்கொட்லாந்து வந்தபோது ஒரே ஓர் ஆண்டின் கணக்குத்தான் கிடைத்தது. ஓர் ஆண்டை வைத்து ஏற்ற இறக்கக் கோடு போட முடியாது. அதனால் எந்த நாட்டோடு எவ்வளவு வணிகம் என்று பக்கத்துப் பக்கத்தில் பட்டைகளாக வரைந்தார். பட்டை வரைபடம் அப்படிப் பிறந்தது. தரவு குறைந்தபோது அவர் இல்லாத ஆண்டுகளைக் கற்பனை செய்து கோட்டை நீட்டவில்லை.

தம்பியின் வேலையில் என்னிடம் இருந்தவை 2011, 2021 என இரண்டு புள்ளிகள். அவர் ஏறிக்கொண்டே போகும் கோடு ஒன்று கேட்டார். கோடு போட்டால் 2014இலும் 2017இலும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது போலக் காட்டும். ஆகவே இரண்டு பட்டைகள் போட்டேன்.

பட்டைகளைப் பார்த்ததும், "வித்தியாசமே தெரியேல்லையே அக்கா, அடியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கோ" என்றார். அதாவது அச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் 90,000இல் தொடங்குங்கள் என்கிறார். அதைத் தாளில் போட்டுக் காட்டினேன். 90,000இல் தொடங்கினால் முதல் பட்டையின் உயரம் 11,000, இரண்டாவதின் உயரம் 35,000. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று மடங்குக்கு மேல் வளர்ச்சி. உண்மையில் வளர்ச்சி நூற்றுக்கு இருபத்து நான்கு. பட்டையின் நீளம்தான் எண் என்று கண் நம்புகிறது, ஆகவே பட்டை என்றால் அச்சு பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். கோட்டு வரைபடத்தில் மட்டும் அச்சை வேறு இடத்தில் தொடங்கலாம், ஏனென்றால் அங்கே கண் பார்ப்பது சரிவை. அப்போதும் தொடங்கிய எண்ணைத் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

இதே இடத்தில் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டில் நாட்டின் மக்கள்தொகையும் கூடியிருக்கிறது. மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சுமார் 5 கோடி 40 இலட்சத்திலிருந்து 5 கோடி 77 இலட்சமாக ஆகிவிட்டார்கள். ஆகவே 2011இல் பத்தாயிரம் பேருக்கு 19 பேராக இருந்த தமிழ் முதன்மை மொழியாளர், 2021இல் 22 பேர். இருபத்து நான்கு சதவீத வளர்ச்சி உண்மை. பத்தாயிரத்துக்கு மூன்று பேர் கூடியதும் உண்மை. படத்தில் இரண்டையும் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால் எந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்த்தவளாகிவிடுவேன்.

5. நிலப்படம் கேட்டால் உடனே சரி என்று சொல்லாதீர்கள்.

லண்டன் படத்தில் தமிழர் இருக்கும் பகுதிகளைக் கருநீலமாக நிரப்பித் தரும்படி எல்லாரும் கேட்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் லண்டனின் 32 பரோக்களும் ஒரே அளவல்ல. புரோம்லி சுமார் 150 சதுர கிலோமீட்டர், டவர் ஹாம்லெட்ஸ் ஏறக்குறைய 20. இரண்டிலும் வாழும் மக்கள்தொகையோ கிட்டத்தட்ட ஒன்று: 2021இல் ஒன்றில் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம், மற்றதில் சுமார் 3 இலட்சத்து 10 ஆயிரம். இரண்டுக்கும் ஒரே நிறம் பூசினால் வயலும் காடும் உள்ள புரோம்லி ஏழு மடங்கு பெரிதாகத் தெரியும்.

நிறைத்த நிறம் விகிதத்துக்குத்தான் பொருந்தும், எண்ணிக்கைக்குப் பொருந்தாது. எண்ணிக்கையைக் காட்ட ஒவ்வொரு பரோவின் மேலும் ஒரு வட்டம் வையுங்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. எண் இரண்டு மடங்கு என்றால் வட்டத்தின் பரப்புத்தான் இரண்டு மடங்காக வேண்டும், விட்டம் அல்ல. விட்டத்தை 1.41 மடங்கு ஆக்கினால் பரப்பு இரட்டிக்கும். விட்டத்தையே இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். மனித உருவம், மாவுப் பை என்று சின்னப் படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவதிலும் இதே பிழை வரும். உருவத்தைப் பெரிதாக்காமல் ஒரே அளவு உருவங்களை வரிசையாக அடுக்குங்கள்.

கடைசியில் நான் நிலப்படத்தையே விட்டுவிட்டேன். எந்தப் பரோ முதலில், எது அடுத்தது என்பதே அதிகாரி கேட்கப்போகும் கேள்வி. அதற்குப் படுக்கைப் பட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் போதும். பத்துப் பரோக்கள், பத்துப் பட்டைகள், அந்தந்தப் பரோவில் அந்தச் சூப்பர்மார்க்கெட்டின் கிளை எத்தனை என்று வலப்பக்கத்தில் ஓர் எண். தம்பி முதலில் ஏமாற்றமாகப் பார்த்தார். பட்டியலை வாசித்த பிறகு, "உதுதான் அக்கா நான் சொல்லவேண்டினது" என்றார்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி இருக்க, அலுவலகம் சிறிய எண்களில் வேண்டுமென்றே மிகச் சிறிய மாற்றங்கள் செய்கிறது. ஒரே தெருப்பகுதியில் 3 பேர், 7 பேர் என்று வரும் எண்களை நம்பி ஒப்பிட்டு வரையாதீர்கள். சிறு பகுதிகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒன்றிரண்டு வித்தியாசம் வருவதும் அதனால்தான்.

6. தமிழில் எழுத்துப் போடும்போது இல்லஸ்ட்ரேட்டரின் விருப்பங்களில் Type பகுதிக்குப் போய் Show Indic Options என்பதை இயக்குங்கள். இயக்காவிட்டால் "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்தார் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக வருவது தமிழில் பட்டையின் நீளத்தையும் தாண்டிப் போகும், ஆகவே பெயர்களுக்கு முதலிலேயே இடம் விடுங்கள். பச்சையையும் சிவப்பையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்கு நிறப்பார்வைக் குறை இருக்கிறது.

7. ஆதாரவரி படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

படத்தைப் பகிர்பவர்கள் அதன் கீழே எழுதியதைப் பகிர்வதில்லை. ஆகவே படத்தின் அடியில் சிறிய எழுத்தில், ஆனால் கைபேசியிலும் வாசிக்கும் அளவில், அட்டவணை எண்ணையும் ஆண்டையும் போடுங்கள். அரசாங்கத் தரவைத் திறந்த அரசு உரிமத்தின் கீழ் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது உரிமத்தின் நிபந்தனை. நான் போடும் வரிகள் இவை:

```
Source: Office for National Statistics, Census 2021, TS024
Licensed under the Open Government Licence v3.0
Contains OS data © Crown copyright and database right [year]
```

மூன்றாவது வரி பரோ எல்லைகளை வைத்து நிலப்படம் போட்டால் மட்டும். அடைப்புக்குள் ஆண்டை எழுத மறக்காதீர்கள்.

வியாபாரிகளுக்கு வேலை செய்யும்போது ஆதாரம் மரியாதைக்காக மட்டும் அல்ல. இந்த நாட்டின் விளம்பர நெறிமுறையின் 3.7ஆம் விதி, சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்றை வெளியிடும் முன்பே அதற்கான ஆவணச் சான்று விளம்பரதாரரின் கையில் இருக்க வேண்டும் என்கிறது. 2011 மார்ச் முதல் நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் உள்ள விளம்பர வாசகங்களும் விளம்பரத் தரநிலை ஆணையத்தின் பார்வைக்குள் வருகின்றன. மூன்று இலட்சம் என்று தம்பி தன் தளத்தில் போட்டிருந்தால், ஒருவர் முறையிட்ட பிறகு சான்று தேடிப் பயனில்லை. இதைச் சொன்னபோதுதான் அவர் அந்த எண்ணைக் கைவிட்டார். உங்கள் பதிவுத்தாளின் நகலையும் வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். அவர் கையில் இருக்க வேண்டிய சான்று அதுதான்.

8. சரிபார்ப்புக்குத் தனியாக விலை போடுங்கள்.

இந்த வேலைக்கு நான் 250 பவுண்ஸ் என்று வாயால் சொல்லிவிட்டேன். ஒரு படம்தானே என்ற நினைப்பு. முடிந்த பிறகு நேரத்தைக் கூட்டினேன். பேச்சுக்கு 2 மணி, ஆதாரம் தேடிச் சரிபார்க்க 11, தரவை ஒழுங்குபடுத்த 3, வரைய 8, ஐந்து முறை திருத்த 7. மொத்தம் 31 மணி. மணிக்கு எட்டுப் பவுண்ஸ் ஆறு பென்ஸ் வந்தது. அந்த ஏப்ரலில் இருந்து 23 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 10.42 ஆக இருந்தது. மொத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்குதான் வரைந்த நேரம் என்பதைக் கவனியுங்கள். விலையை நான் வரைவதற்கு மட்டும் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு போடும் கணக்கு இது. வாடகை, மென்பொருள், வரி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 பவுண்ஸ் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை, காய்ச்சல் போக 46 வாரம். வாரத்தில் ஐந்து நாளும் பணம் தரும் வேலை கிடையாது. ஆள் தேடவும் கணக்கு எழுதவும் இரண்டு நாள் போய்விடும். மூன்று நாள், நாளுக்கு ஏழு மணி என்றால் ஆண்டுக்கு 966 மணி. 30,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 31. இந்த எண் உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும். வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கைச் சொல்லாதீர்கள். வேலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். உங்கள் கை பழகிச் சீக்கிரம் முடித்தால் உங்கள் வருமானம் குறையக் கூடாது.

அதே வேலையை இப்போது எடுத்தால் இரண்டு திருத்தம் மட்டும் என்று சொல்லி 27 மணி என்று மதிப்பிடுவேன். விலை ஏறக்குறைய 840. கொட்டேஷனில் அதை இரண்டாகப் பிரிப்பேன். சரிபார்ப்பும் தரவும் 14 மணிக்கு 430 பவுண்ஸ், பேச்சும் வரைதலும் இரண்டு திருத்தங்களும் 410. முதல் பகுதிக்குப் பணம் வேலை தொடங்கும் முன். கீழே ஒரு வாக்கியம்: சரிபார்த்ததில் எண் பொய் என்று தெரிந்து படமே வேண்டாம் என்று முடிந்தாலும் முதல் பகுதிக்கான பணம் திருப்பித் தரப்படாது. இந்த வாக்கியத்தை எழுதாதவர் கடைசியில் பொய்யான எண்ணை வரைந்து கொடுத்துவிடுவார், ஏனென்றால் படம் வரைந்தால்தான் அவருக்குப் பணம். உங்கள் நேர்மையை உங்கள் பசியோடு மோதவிடாத விலைமுறை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மதிப்பிடும்போது எத்தனை படம் என்று எண்ணாதீர்கள். எத்தனை ஆதாரம் என்று எண்ணுங்கள். ஒரே அட்டவணையிலிருந்து ஆறு பட்டைப் படம் எளிது. ஆறு வெவ்வேறு இடங்களிலிருந்து ஆறு எண்களை எடுத்துப் பக்கத்தில் வைக்கும் ஒரே படம் அதைவிட இரண்டு மடங்கு வேலை, ஏனென்றால் ஒவ்வொன்றின் ஆண்டும் நிலப்பகுதியும் வரையறையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் தன் சொந்த விற்பனைக் கணக்கைத் தந்தால் சரிபார்ப்பு குறையும், ஆனால் இல்லாமல் போகாது. கூட்டுத்தொகை சரியா, ஏதாவது மாதம் விடுபட்டதா என்று பார்க்காமல் வரையாதீர்கள்.

வலைப்பூ எழுதுபவர்களிடம் அவ்வளவு பணம் இருக்காது. அவர்களுக்கு விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். ஓர் அட்டவணை, ஒரு பட்டைப் படம், ஒரு திருத்தம். ஐந்து மணிக்குள் முடியும், 150 பவுண்ஸ். ஏழு பகுதி நீளப்படம் கேட்டு வந்த ஒரு சமையல் வலைப்பூக்காரப் பெண் இப்படி ஒற்றைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதையே மாதம் ஒன்றாகக் கேட்டு வாங்கினார்.

9. சட்டப்படி பார்த்துக்கொள்ள வேண்டியவை சில.

உங்கள் விசாவை முதலில் பாருங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்ய முடியாது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற அனுமதி ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை செய்வதற்கு மட்டும்தான். இப்படிப் படம் வரைந்து இன்வாய்ஸ் அனுப்புவது அதில் அடங்காது. படிப்பு முடிந்து பட்டதாரி விசாவுக்கு மாறிய பிறகு செய்யலாம். சொந்தக்காரர் வியாபாரத்துக்குத்தானே என்று செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். சுயதொழில் செய்யலாம் என்றால், ஒரு வரியாண்டில் 1,000 பவுண்ஸுக்கு மேல் வரும்போது வரி அலுவலகத்தில் பதிய வேண்டும்.

1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை செய்பவர் வரைந்த படத்தின் உரிமை வரைந்தவருடையது. கையெழுத்திட்ட எழுத்து மூலம்தான் அது வாடிக்கையாளருக்கு மாறும். முழுப்பணமும் வந்த பிறகு உரிமை மாறும் என்று எழுதிவையுங்கள். வியாபாரிகள் பணம் தரத் தாமதித்தால், 1998ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் எட்டு சதவீத வட்டி கேட்க உங்களுக்கு உரிமை தருகிறது. 1,000 பவுண்ஸுக்குக் குறைந்த கடனுக்கு அதற்கு மேல் 40 பவுண்ஸ் நட்டஈடும் கேட்கலாம். வேறு தவணை பேசாவிட்டால் முப்பது நாள்தான் கணக்கு. இன்வாய்ஸின் அடியில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள்.

10. பிழை விட்டால் அன்றே திருத்துங்கள்.

தம்பியின் படம் போன மூன்றாம் நாள் அந்த அதிகாரியின் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண் TS024 அட்டவணையைத் திறந்து பார்த்திருக்கிறார். பரோப் பட்டைகள் எல்லாம் சரி. ஆனால் மேலே உள்ள இரண்டு பட்டைகளின் கீழ் ஓரிடத்தில் நான் "லண்டன்" என்று எழுதியிருந்தேன். அந்த எண்களோ இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. தலைப்பில் சரியாக எழுதிவிட்டு அச்சின் பெயரில் தவறவிட்டிருக்கிறேன். சரிபார்க்க 11 மணி செலவழித்த பிறகும்.

ஒரு மணி நேரத்துக்குள் திருத்தினேன். அடியில் "அச்சுப் பெயர் திருத்தப்பட்டது" என்று திகதியோடு எழுதினேன். பழைய படம் போன எல்லாருக்கும் புதியதை அனுப்பும்படி தம்பியிடம் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு நானே நன்றி எழுதினேன். அன்றிலிருந்து முடித்த படத்தை அனுப்பும் முன் ஒருநாள் மூடி வைத்துவிட்டு, மறுநாள் வரைதலைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வாசிக்கிறேன். தலைப்பு, அச்சுகள், அலகு, ஆண்டு, நிலப்பகுதி, ஆதாரவரி என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றையும் பதிவுத்தாளோடு ஒப்பிட்டுக் கோடு போடுகிறேன்.

அந்தத் திருத்தத்துக்கு நான் பணம் வாங்கவில்லை. உங்கள் பிழையைத் திருத்த நீங்களும் வாங்காதீர்கள்.